கொத்மலை வான்கதவும் வீட்டுக்குப் பின்னாலுள்ள கானும்

"கம்பளையில் ஆற்றுக்குக் கிட்டத் தாழ்ந்த சந்து ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய கான் ஒன்று ஓடுகிறது. அம்மாவால் நடக்க முடியாது, மகளுக்கு ஆறு வயது. கொத்மலை வான்கதவைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் எங்களுக்கு எத்தனை நிமிடம் இருக்கும்? எப்போது கிளம்ப வேண்டும்?"

நீங்கள் நிமிடக் கணக்கில் கேட்டிருப்பதால் அதையே முதலில் சொல்கிறேன். கொத்மலை அணைக்கட்டு, கொத்மலை ஓயா மகாவலியில் கலக்கும் இடத்துக்கு ஏறத்தாழ 6.6 கிலோமீற்றர் மேலே இருக்கிறது. அங்கிருந்து கம்பளை வரைக்கும் ஆற்று வழியே மொத்தம் 15 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மலையாற்றில் வெள்ள அலை செக்கனுக்கு மூன்று முதல் நான்கு மீற்றர் வேகத்தில் இறங்கும் என்று கொண்டால், கதவு திறந்த நேரத்திலிருந்து நீர் உங்கள் பக்கம் உயரத் தொடங்க ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இது கணக்கில் வரும் நேரம், அளந்து கண்ட நேரம் அல்ல. கதவு திறந்த நேரமும் செய்தி உங்கள் கைக்கு வந்த நேரமும் ஒன்றாக இருக்காது. இடையில் அரை மணி நேரம் போனால் உங்களிடம் எஞ்சுவது அரை மணி நேரமாகவும் இருக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆற்று நீர்மட்ட அளவீட்டில் வேலை செய்தவன் என்ற முறையில், இந்த ஒரு மணி நேரத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் சொன்ன இடத்துக்கு ஆபத்து மூன்று வழிகளில் வர முடியும். அவற்றில் ஒன்றுதான் கொத்மலை வான்கதவு, அதுவும் மூன்றில் மெதுவாக வருவது.

முதலில் ஆறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் செய்தியைக் கேட்டுப் பயப்படுவதும் பயப்படாமல் இருப்பதும் இதைப் பொறுத்தது. கம்பளைக்கு மேலே மகாவலிக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று ஹட்டன் பக்கத்திலிருந்து வட்டவளை, நாவலப்பிட்டி வழியாக இறங்கும் மகாவலி. மற்றது நுவரெலியா, நானுஓயா, அக்கரப்பத்தனைப் பகுதிகளின் நீரைத் தலவாக்கலையில் சேர்த்துக்கொண்டு மேல் கொத்மலை, கொத்மலை ஆகிய இரு நீர்த்தேக்கங்களையும் கடந்து வரும் கொத்மலை ஓயா. இரண்டும் நாவலப்பிட்டிக்குக் கீழே, கம்பளைக்கு மேலே சேர்கின்றன. ஆகவே கொத்மலையில் ஒரு கதவும் திறக்காத நாளிலும், வட்டவளையிலும் நாவலப்பிட்டியிலும் கொட்டிய மழை முழுவதும் எந்தப் பெரிய நீர்த்தேக்கத்திலும் தங்காமல் நேரே உங்களிடம் வரும். நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. "கொத்மலை இன்னும் திறக்கவில்லை, பயமில்லை" என்று கம்பளையில் யாராவது சொன்னால், அவர் ஒரு கையை மட்டும் பார்த்துப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிரான குழப்பமும் உண்டு. காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கெனியன், லக்ஷபான, நோர்ட்டன் ஆகியவற்றின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாகச் செய்தி வந்தவுடன் கம்பளையிலுள்ள உறவினர்களுக்குத் தொலைபேசி எடுத்து எச்சரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நீர் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா வழியாகக் களனி கங்கைக்குப் போய் கித்துல்கலைப் பக்கம் இறங்குகிறது. உங்களிடம் ஒரு துளியும் வராது. ஆனால் அங்கே கதவு திறக்கும் அளவுக்கு மழை பெய்கிறதென்றால் மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் வட்டவளையிலும் பெய்துகொண்டிருக்கக் கூடும் என்பதால், அந்தச் செய்தியை மழைச் செய்தியாகப் படிப்பதில் பயன் உண்டு.

அடுத்து, வான்கதவு திறப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பது. மேல் கொத்மலையும் கொத்மலையும் பெயரில்தான் நெருக்கம். தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மின்திட்டத்துக்கான சிறு தேக்கம்; அதன் பயன்படு கொள்ளளவு ஏறத்தாழ 8 இலட்சம் கன மீற்றர்தான். செக்கனுக்கு 200 கன மீற்றர் நீர் வந்து சேர்ந்தால், அது வெறுமையாக இருந்தாலும்கூட 4,000 செக்கனில், அதாவது ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் கடப்பதற்குள் நிரம்பிவிடும். எனவே அந்த அணைக்கட்டால் வெள்ளத்தைப் பிடித்து வைக்க முடியாது. அதன் கதவுகள் திறக்கின்றன என்ற செய்தி "அக்கரப்பத்தனையிலும் நானுஓயாவிலும் மழை கொட்டி ஓயா நிரம்பிவிட்டது" என்பதன் மறுவடிவமே. அணைக்கட்டுக்குக் கீழே சென்கிளேயர் பக்கம் ஓயாவில் இறங்கிக் குளிப்பவர்களுக்கு அது நிமிடக் கணக்கில் உயிர் போகும் விடயம், ஏனெனில் தலவாக்கலையில் வெயிலடிக்கும்போதே மேலே பெய்த மழைக்காகக் கதவு திறக்க நேரும். சைரன் ஒலித்தால் உடுப்பைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டியது அவர்கள். உங்களுக்கோ அந்த நீர் முதலில் கொத்மலைக்குள் போய் விழும்.

கொத்மலை அப்படியல்ல. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 174 மில்லியன் கன மீற்றர். இடம் இருக்கும்வரை அது உங்களுக்குக் கேடயம். மேலே பெய்த மழையை விழுங்கிக்கொண்டு வான்கதவால் கொஞ்சமும் விடாமல் இருக்கும். இடம் முடிந்த பிறகு அது வந்ததை விடும் வாய்க்காலாகிவிடும். பெருமழை நாள் ஒன்றில் செக்கனுக்கு 1,000 கன மீற்றர் உள்ளே வருகிறது, தேக்கத்தில் இன்னும் 10 மில்லியன் கன மீற்றருக்குத்தான் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரம் முடிவதற்கு முன் அது நிரம்பும். இதனால்தான் பருவமழையின் முடிவில், தேக்கம் ஏற்கனவே நிறைந்திருக்கும் நாட்களில் விழும் மழை, வறண்ட காலத்துக்குப் பின் விழும் அதே அளவு மழையைவிட உங்களுக்குப் பலமடங்கு ஆபத்தானது. நிரம்பிய பின் கதவைத் திறக்காமல் இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொத்மலை பாறைகளைக் குவித்துக் கட்டி முகப்பில் கொங்கிரீட் போட்ட அணைக்கட்டு. அத்தகைய அணையின் தலைக்கு மேலால் நீர் வழிந்தால் பாறைகள் அரித்துக்கொண்டு போகும், அணையே போனால் கம்பளை என்ற ஊரே மிஞ்சாது. ஆகவே கதவைத் திறப்பதா இல்லையா என்பதில் பொறியியலாளருக்குத் தெரிவு இல்லை. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதில் மட்டுமே அவருக்குத் தெரிவு உண்டு.

அந்த "எப்போது" பற்றித்தான் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வாக்குவாதம் எழுகிறது. பொதுவாக, உள்ளே வருவதைவிட அதிகமாக ஓர் அணைக்கட்டு வெளியே விடாது, ஆகவே அணையே இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடிய வெள்ளத்தைவிடப் பெரிய வெள்ளத்தை அது உண்டாக்காது என்றே எதிர்பார்க்கலாம். ஆனால் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக இறக்காமல் நிரம்பும் தறுவாய் வரை காத்திருந்தால், கீழே இருப்பவர்களுக்கு நீர் உயரும் வேகம் கூடும். மெதுவாக ஆறு மணி நேரத்தில் ஏறியிருக்க வேண்டிய நீர் ஒரு மணி நேரத்தில் ஏறும். உயரம் ஒன்றேயானாலும், நடக்க முடியாத அம்மாவை வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாம். இன்னொன்று: "இரண்டு கதவுகள் அரை அடி திறப்பு" என்ற அறிவிப்பில் உள்ள அரை அடி, கதவு எவ்வளவு உயர்த்தப்பட்டது என்பதையே சொல்கிறது, ஆற்றில் அரை அடி உயரும் என்பது அதன் பொருள் அல்ல. அறிவிப்பில் செக்கனுக்கு எத்தனை கன மீற்றர் என்று இருக்கிறதா என்று தேடுங்கள். கன அடியில் தந்திருந்தால் 35ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகிறது என்றால் அதுவே உங்களுக்கு வேண்டிய செய்தி.

இனி வீட்டுக்குப் பின்னால் ஓடும் கானுக்கு வருகிறேன். என் கணிப்பில் உங்கள் உயிருக்கு முதல் ஆபத்து அதுதான், அதைப் பற்றி எந்த அறிவிப்பும் வராது. மலைச்சரிவிலிருந்து இறங்கும் இத்தகைய கானுக்கு, இரண்டு சதுர கிலோமீற்றர் பரப்பிலிருந்து நீர் வருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு சதுர கிலோமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது 1,000 கன மீற்றர் நீர். ஏப்ரல் மாதத்திலோ ஒக்டோபர், நவம்பரிலோ பின்னேரம் இடியோடு வரும் மழை அரை மணி நேரத்தில் 30 மில்லிமீற்றர் தருவது மலையகத்தில் அதிசயமல்ல. அப்படியானால் அந்தப் பரப்பில் விழுவது 60,000 கன மீற்றர். தரை ஏற்கனவே ஊறியிருந்து, வீடும் வீதியும் தேயிலைச் சரிவுமாக இருந்தால் அதில் எழுபது வீதம், அதாவது 42,000 கன மீற்றர் ஓடிவரும். அரை மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் செக்கனுக்கு 23 கன மீற்றருக்குச் சற்று மேல். இப்போது சந்து முனையில் கான் வீதிக்குக் கீழே நுழையும் மதகைப் பாருங்கள். அது ஒன்றரை மீற்றர் அகலமும் 1.2 மீற்றர் உயரமும் உள்ளது, நீர் செக்கனுக்கு மூன்று மீற்றர் வேகத்தில் பாய்கிறது என்றால் அதனால் கடத்த முடிந்தது 5.4 கன மீற்றர்தான். வருவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மீதி முழுவதும் சந்துக்குள் ஏறும். வாழைத்தண்டும் பிளாஸ்டிக் போத்தலும் ஒரு பழைய மெத்தையும் மதகின் வாயில் அடைத்துக்கொண்டால் அந்த நான்கில் ஒன்றும் எட்டில் ஒன்றாகிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கானின் நீளம் இரண்டரை கிலோமீற்றர், நீர் ஓடும் வேகம் செக்கனுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் என்றால், மேலே பெய்த மழை உங்கள் வீட்டுப் பின்புறம் வந்து சேர இருபது முதல் முப்பது நிமிடங்களே ஆகும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து, பெரியவர்கள் வேலையிலிருந்து திரும்பாத பின்னேர நேரத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. உங்கள் கானின் நீளத்தையும் மதகின் அளவையும் நீங்களே நடந்து போய் அளந்து மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்க்கலாம். விடை இருபதாக வருகிறதா முப்பதாக வருகிறதா என்பது முக்கியமல்ல. அது அறுபதாக வராது என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது வழி, ஆறும் கானும் சேர்ந்து வருவது. ஆறு உயர்ந்து நிற்கும்போது கானின் நீர் ஆற்றுக்குள் இறங்க முடியாமல் தேங்கும். பிறகு ஆற்று நீரே கான் வழியாகப் பின்னோக்கி ஏறும். ஆற்றங்கரை உடைந்து வெள்ளம் முன்பக்கத்தால் வரும் என்று எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, நீர் பின்பக்கத்துக் கானாலும் குளியலறைத் துவாரத்தாலும் வீட்டுக்குள் வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். மழை பெய்யும்போது கானில் ஓர் இலையைப் போடுங்கள். அது ஆற்றுப் பக்கம் ஓடினால் கான் இன்னும் வேலை செய்கிறது. மழை குறைந்திருந்தும் இலை அசையாமல் நின்றால், அல்லது வீட்டுப் பக்கம் திரும்பி வந்தால், ஆறு உங்கள் கானுக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு வேறு எந்தச் செய்திக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

எப்போது கிளம்புவது என்ற கேள்விக்கு, வாசற்படியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதே என் முதல் பதில். பல சந்துகளில் வீடுகள் இருக்கும் இடத்தைவிடச் சந்து முனைதான் தாழ்ந்தது, ஏனெனில் மதகும் அங்கேதான் இருக்கும். உங்கள் வாசற்படி காய்ந்திருக்கும்போதே வெளியேறும் வழி இடுப்பளவு நீரில் இருக்கலாம். ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டு, அவர் சுவர் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் சந்து முனைக்கும் வாசற்படிக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அதன்பின் வாசற்படியை மறந்துவிட்டு, சந்து முனையில் நீர் வீதியைத் தொடும் மட்டத்தையே பூச்சியம் என்று வையுங்கள்.

பிறகு உங்கள் வீட்டார் வெளியேற எடுக்கும் நேரத்தை உண்மையாகவே அளக்க வேண்டும். மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, இருவர் தூக்கிச் சந்து முனை வரை போய், அங்கிருந்து மேட்டு வீதி வரை போங்கள். மருந்து, அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எடுக்கும் நேரத்தையும், தூக்க வரும் இரண்டாவது ஆளை அழைக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் ஆகிறது என்று வைப்போம். மதகின் பக்கச் சுவரில் முன்பு நீர் ஏறியதைப் பார்த்த அயலவர்களைக் கேட்டால், மோசமான மழையில் நிமிடத்துக்கு எத்தனை சென்டிமீற்றர் ஏறியது என்று ஓரளவு சொல்வார்கள். அது ஒரு சென்டிமீற்றர் என்றால், நீங்கள் வெளியேறி முடிப்பதற்குள் நாற்பது சென்டிமீற்றர் ஏறியிருக்கும். இரவு, மின்வெட்டு, மனிதரின் தடுமாற்றம், அயலவரின் நினைவுப் பிழை ஆகியவற்றுக்காக இதை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது என் வழக்கம். ஆகவே வீதி மட்டத்துக்கு எண்பது சென்டிமீற்றர் கீழே, மதகின் பக்கச் சுவரில், டோர்ச் வெளிச்சத்தில் தெரியும்படி வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். நீர் அந்தக் கோட்டைத் தொட்டால் அம்மாவும் மகளும் புறப்படுகிறார்கள். அப்போது விவாதம் இல்லை. கோட்டைப் பார்க்க வெளியே போக முடியாத இரவில் அது பயன்படாது. அந்த இரவுகளில் மழை தொடங்கும்போதே அம்மாவை மேலே அனுப்பிவிடுவதுதான் வழி.

இந்தக் கோட்டை ஆண்டுக்குச் சில தடவை நீர் தொட்டுவிட்டு ஒன்றும் நடக்காமல் வடிந்து போகும். அதற்காகக் கோட்டை மேலே நகர்த்தாதீர்கள். வீணாகப் புறப்பட்ட நாட்கள் சலிப்பைத் தந்தால், கோடு தொட்டவுடன் அம்மாவையும் மகளையும் மட்டும் அனுப்பிவிட்டு, பெரியவர்கள் இன்னும் முப்பது சென்டிமீற்றர் ஏறும்வரை இருந்து சாமான்களை உயர்த்தி வைக்கலாம். நடக்க முடிந்தவரின் கோடும் தூக்கிச் செல்ல வேண்டியவரின் கோடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொருள் விடயத்தில் எனக்கே பாடம் உண்டு. பணியில் இருந்த காலத்தில் ஒரு சிறுநகரத்தில் தாழ்வான அறையொன்றில் தங்கியிருந்தேன். அளவுக்கோலில் நீர் ஏறுவதைப் பகல் முழுவதும் பதிவு செய்துவிட்டு அறைக்கு வந்தவன், மோட்டார் சைக்கிளை மேட்டுக்கு ஏற்றிவிட்டுப் போவோம் என்று நின்றேன். பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது. முழங்கால் அளவு நீரில் மோட்டார் சைக்கிள் என் கையிலிருந்து பக்கவாட்டில் இழுபட்டுப் போனது. அதை விட்டுவிட்டு ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றதால் இதை எழுதுகிறேன். எண்களைத் தெரிந்திருப்பதும் அவற்றின்படி நடப்பதும் ஒன்றல்ல என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முழங்கால் அளவு நீர் ஒரு வளர்ந்த ஆளை அசைக்குமா என்று கேட்பீர்கள். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீற்றர் ஆழத்திலேயே ஆளை விழுத்தக்கூடும். 30 சென்டிமீற்றர் ஒரு சிறிய காரையே மிதக்கவைத்துத் தள்ளும், முச்சக்கர வண்டியைச் சொல்லத் தேவையில்லை. ஆழத்தை மீற்றரிலும் வேகத்தைச் செக்கனுக்கு மீற்றரிலும் எடுத்துப் பெருக்கினால், பிள்ளைகளுக்கு 0.4க்கு மேலும் பெரியவர்களுக்கு 0.6க்கு மேலும் போகும் இடத்தில் பாதுகாப்பாக நிற்க முடியாது என்பது வெள்ளப் பொறியியலில் பொதுவாகப் பயன்படும் அளவு. 40 சென்டிமீற்றர் ஆழம், செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகம் என்றால் உங்கள் மகளுக்கு அது எல்லை. சேற்று நீருக்குக் கீழே கானின் கொங்கிரீட் மூடி இருக்கிறதா, மிதந்து போய்விட்டதா என்பதும் தெரியாது. ஆகவே சந்து முனையில் நீர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் வெளியேறும் நேரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அதே சந்தில் உள்ள மாடி வீட்டின் மேல்தளமே உங்கள் இடம். அந்த வீட்டாரிடம் இன்றைக்கே பேசி வையுங்கள். கால் காய்ந்த நிலத்தில் இருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நீரில் நின்றுகொண்டு அதைத் தொட வேண்டாம்.

எங்கே போவது என்பது சமவெளி நகரத்தில் எளிதான கேள்வி, மலையகத்தில் அல்ல. தாழ்ந்த சந்திலிருந்து ஏறிப்போய், மண் வெட்டிய செங்குத்துச் சரிவுக்குக் கீழே இருக்கும் உறவினர் வீட்டில் படுப்பது ஓர் ஆபத்திலிருந்து இன்னோர் ஆபத்துக்குப் போவதாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் வெள்ளமும் மண்சரிவும் ஒரே நேரத்தில் வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால் வெளியேற்றம். நேர்ச்சுவருள்ள ஒரு தகரப் பேணியை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் இந்த அளவை நீங்களே ஓரளவு அறியலாம். பேணியில் பத்து சென்டிமீற்றர் நீர் நிற்கும் நாளில் சரிவுக்குக் கீழே உள்ள லயத்துக்கோ வீட்டுக்கோ போகாதீர்கள். சரிவிலிருந்து விலகிய, ஆற்றைவிட நன்றாக உயர்ந்த ஒரு பாடசாலையோ வழிபாட்டிடமோ உறவினர் வீடோ இரண்டு இடங்கள் கைவசம் இருக்க வேண்டும், ஏனெனில் ஒன்றுக்குப் போகும் வீதி அடைபடலாம்.

செய்திக்கு எதைப் பார்ப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்டங்களில் மகாவலிக்கு நாவலப்பிட்டியும் பேராதனையும் வரும். பேராதனை கம்பளைக்குக் கீழே இருக்கிறது. அங்கே நீர் ஏறுவதைப் பார்க்கும் நேரத்தில் உங்களிடம் ஏற்கனவே ஏறியிருக்கும். நாவலப்பிட்டி எண்தான் உங்களுக்குப் பயன்படும். ஆனால் அது கொத்மலைக் கையைக் காட்டாது. ஆகவே நாவலப்பிட்டி நீர்மட்டமும் கொத்மலை வான்கதவு அறிவிப்பும் சேர்ந்தே உங்களுக்கு ஒரு முழுச் செய்தி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம், வீட்டில் நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மழைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். படகோ ஆட்களோ வரும்போது யாரை முதலில் எடுப்பது என்று முடிவெடுக்க அது உதவும். அறிவிப்பு தமிழில் வந்து சேரத் தாமதிக்கும் இரவுகளும் உண்டு என்பதால், நாவலப்பிட்டியில் ஆற்றைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும் ஓர் உறவினரோ நண்பரோ "பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிறம் மாறிவிட்டது, மரக்கட்டை வருகிறது" என்று ஒரு வரி அனுப்புவது பல சமயம் எல்லாவற்றையும் முந்தும்.

நான் மேலே சொன்னவற்றில் ஆற்றின் இரு கைகள், இரு நீர்த்தேக்கங்களின் அளவு வித்தியாசம், மழையை நீராக மாற்றும் கணக்கு ஆகியவை உறுதியானவை. உங்கள் கானின் பரப்பும் மதகின் அளவும் நீர் ஏறும் வேகமும் நான் உதாரணத்துக்காக எடுத்தவை. அவற்றை நீங்கள் அளந்து மாற்ற வேண்டும். அடுத்த மழை எங்கே, எந்த மணியில், எத்தனை மில்லிமீற்றர் கொட்டும் என்பதை மலையகத்துக்கு யாராலும் சரியாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே பின்னேரத்தில் ஒரு தோட்டத்தில் 60 மில்லிமீற்றரும் அடுத்த தோட்டத்தில் தூறலுமாக இருந்த பதிவுகளை நானே எழுதியிருக்கிறேன். அதனால்தான் கோட்டை முன்னறிவிப்பில் அல்லாமல் மதகுச் சுவரில் போடச் சொன்னேன். கதிரையைத் தூக்கிப் பார்த்து வந்த நிமிடக் கணக்கையும், மதகின் அளவையும், சந்து முனைக்கும் வாசற்படிக்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே எழுதினால், கோடு எந்த மட்டத்தில் வர வேண்டும் என்பதைச் சேர்ந்து பார்க்கலாம்.